கண்ணாடியைக் கழற்றும் முன் பலகையைப் படியுங்கள்

நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூட அறிவிப்புகள் பற்றி மூத்தோருக்கு ஒரு விளக்கம்

சிங்கப்பூரில் நீச்சல் குளத்திற்கோ உடற்பயிற்சிக் கூடத்திற்கோ சென்றால், நுழைவாயில் அருகே விதிமுறைப் பலகை ஒன்றைக் காண்பீர்கள். பல இடங்களில் அது ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் இருக்கும். வாக்கியங்கள் மிகச் சிறியவை. "ஓடக் கூடாது." "ஆழம் 1.2 மீட்டர்." "கைப்பிடியைப் பிடிக்கவும்." படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த இரண்டு மூன்று சொற்களுக்குப் பின்னால் உள்ள காரணத்தைச் சொல்லப் பலகையில் இடம் இல்லை. அந்தக் காரணங்களில் சில, வயதான உடலுக்கே கூடுதலாகப் பொருந்துபவை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீரில் இறங்குவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைக்கிறோம். செவிக்கருவி அணிபவர்கள் அதையும் கழற்றி வைக்கிறார்கள். குளத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும் ஆழ எண் அதன் பிறகு மங்கலாகத்தான் தெரியும். உயிர்காப்பாளரின் விசில் மெல்லியதாகத்தான் கேட்கும். எச்சரிக்கைகள் மிகவும் தேவைப்படும் இடத்தில் அவற்றைப் பார்க்கவும் கேட்கவும் உதவும் கருவிகள் நம்மிடம் இருப்பதில்லை. எனவே, உடை மாற்றும் அறைக்குப் போகும் முன்பே பலகையைப் படித்துவிடுங்கள். எழுத்து சிறியதாக இருந்தால், வாயிலில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முகப்பில் உள்ள ஊழியரிடம் வாசித்துக் காட்டச் சொல்லியும் கேட்கலாம்.

பலகையை எந்த வரிசையில் படிப்பது?

முதலில் நிறத்தைப் பாருங்கள். பாதுகாப்புக் குறியீடுகளுக்கு அனைத்துலக அளவில் ஒரே நிற வழக்கம் உண்டு. சிவப்பு வட்டத்தின் குறுக்கே கோடு இருந்தால் தடை. மஞ்சள் முக்கோணம் ஆபத்து பற்றிய எச்சரிக்கை. நீல வட்டம் கட்டாயம் செய்ய வேண்டியது. பச்சைச் சதுரம் அவசர வெளிவழி, முதலுதவி போன்ற உதவி இருக்கும் இடம். எந்த மொழியும் படிக்காமலேயே இந்த நான்கையும் புரிந்துகொள்ளலாம்.

அடுத்து எண்களைப் பாருங்கள். ஆழம், நேரம், தொலைபேசி எண் ஆகியவை நான்கு மொழிகளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். தமிழ் வரியில் ஓர் எண்ணும் ஆங்கில வரியில் வேறோர் எண்ணும் இருந்தால், நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஊழியரிடம் காட்டிக் கேளுங்கள்.

மூன்றாவதாக, தமிழ் வரியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் தடையைக் குறிக்கும் சொல் முதலில் வந்துவிடும். தமிழில் அது இறுதியில் வரும். "குளத்தின் இந்தப் பகுதியில் தலைகீழாகப் பாயக் கூடாது" என்ற வாக்கியம் குறுகிய பலகையில் இரண்டு மூன்று வரிகளாக மடிந்துவிடும். "கூடாது" என்ற சொல் அடி வரிக்குப் போய், அங்கே சாய்த்து வைத்த மிதவைப் பலகையால் மறைந்திருக்கலாம். மேல் வரியை மட்டும் பார்த்தவருக்கு அது பாயும் இடம் என்றே தோன்றக்கூடும். ஆகவே முற்றுப்புள்ளிவரை படியுங்கள்.

"அணியவும்", "பிடிக்கவும்", "வெளியேறவும்" என முடியும் சொற்கள் பணிவான வேண்டுகோள் போல ஒலிக்கும். இத்தகைய பலகைகளில் அவை கட்டளைகளே. "தவிர்க்கவும்" என்பது மென்மையான சொல். ஆனால் அதன் அருகே சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் இருந்தால், அதை "கூடாது" என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஆழம் 1.2 மீட்டர்"

நம்மில் பலர் உயரத்தை அடியில் சொல்லிப் பழகியவர்கள். 0.9 மீட்டர் என்பது ஏறக்குறைய 3 அடி. 1.2 மீட்டர் ஏறக்குறைய 4 அடி. 1.8 மீட்டர் ஏறக்குறைய 6 அடி. எண்களுக்கு இடையே உள்ள வேறுபாடு காகிதத்தில் சிறியதாகத் தெரிந்தாலும், நீரில் அது பெரியது.

68 வயதான ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். அவர் உயரம் 150 செ.மீ. அவருக்கு நீச்சல் தெரியாது. முட்டிவலிக்காக நீரில் நடைப்பயிற்சி செய்ய வந்திருக்கிறார். பெரும்பாலோருக்கு உச்சந்தலையிலிருந்து மோவாய்வரை சுமார் 20 செ.மீ. இருக்கும். எனவே அவரது மோவாய் தரையிலிருந்து ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1.2 மீட்டர் ஆழத்தில் நின்றால் நீர் அவர் தோளைத் தொடும். 1.4 மீட்டர் ஆழத்தில் நின்றால் வாயும் மூக்கும் நீருக்குள் போய்விடும். இரண்டுக்கும் வேறுபாடு 20 செ.மீ., அதாவது ஒரு சாண் அளவுதான். அதே 1.4 மீட்டர், 170 செ.மீ. உயரமுள்ள அவர் கணவருக்குத் தோளளவு. கணவர் நிற்கும் இடம் தமக்கும் பாதுகாப்பானது என்று அவர் நினைத்துவிடக் கூடாது.

குளத்தின் தரை பெரும்பாலும் சரிவாக இருக்கும். ஓரத்தில் 0.9 என்றும் சற்றுத் தள்ளி 1.2 என்றும் எழுதியிருந்தால், இடையில் ஒவ்வோர் அடிக்கும் ஆழம் கூடிக்கொண்டே போகிறது என்று பொருள். நீர் கழுத்தளவு ஏறும்போது உடல் மிதக்கத் தொடங்கும். அப்போது உங்கள் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் பாதத்தில் அழுந்தும். கால் தரையைப் பற்றாது. பின்னால் திரும்ப நினைத்தாலும் சரிவு உங்களை ஆழத்தை நோக்கியே நழுவச் செய்யும்.

"எட்டிப் பார்த்தால் தரை தெரிகிறதே, அவ்வளவு ஆழமில்லை" என்று கண்ணை நம்பவும் முடியாது. ஒளி நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால், நேர்மேலிருந்து பார்த்தால் குளம் உண்மை ஆழத்தில் முக்கால் பங்கு மட்டுமே இருப்பதுபோல் தோன்றும். 1.8 மீட்டர் ஆழம் சுமார் 1.35 மீட்டராகத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். கண் தவறும் இடத்தில் எண்தான் உண்மையைச் சொல்கிறது.

நீச்சல் தெரியாதவர்களுக்கு ஓர் எளிய கணக்கு: உங்கள் உயரத்திலிருந்து 40 செ.மீ. கழியுங்கள். வருவது ஏறத்தாழ உங்கள் மார்பளவு. அந்த அம்மாவுக்கு அது 1.1 மீட்டர். அவர் 0.9 எண் உள்ள பக்கத்தில் நடக்கலாம். 1.2 என்ற எண்ணுக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். நீரில் இறங்கும் முன், கண்ணாடி அணிந்திருக்கும்போதே, அந்த எண்ணுக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்த்துவைக்க வேண்டும். ஓர் ஏணி, ஒரு தூண், உயிர்காப்பாளரின் உயர்நாற்காலி என எதுவாகவும் இருக்கலாம். எண் மங்கினாலும் தூண் தெரியும்.

"கைப்பிடியைப் பிடிக்கவும்"

தரை வழுக்கும் என்பதற்காக மட்டும் இந்த வரி எழுதப்படவில்லை. நீரில் நிற்கும்போது நாலாபுறமிருந்தும் நீர் உங்கள் கால்களை அழுத்துகிறது. அந்த அழுத்தம் ரத்தத்தை மேல்நோக்கித் தள்ள உதவுகிறது. நீங்கள் ஏணியில் ஏறி வெளியே வரும்போது அழுத்தம் சட்டென்று நீங்குகிறது. ரத்தம் கால்களில் தேங்குகிறது. ரத்த அழுத்தம் சில விநாடிகளுக்குக் குறைந்து தலை சுற்றலாம். உயர் ரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்பவர்களுக்கு இது எளிதில் நேரும்.

எனவே ஏணியின் மேற்படிக்கு வந்ததும், கைப்பிடியை விடாமல் மெதுவாகப் பத்துவரை எண்ணுங்கள். தலை தெளிவாக இருந்தால் நடங்கள். கண் இருட்டினால் உடனே அருகிலேயே உட்கார்ந்துவிடுங்கள். ஈரத் தரையில் நாற்காலியைத் தேடி நடக்க வேண்டாம். வெளியே வரும் ஒவ்வொரு முறையும் தலை சுற்றினால், அடுத்த முறை பலதுறை மருந்தகத்திற்கோ குடும்ப மருத்துவரிடமோ செல்லும்போது சொல்லுங்கள். மருந்தின் அளவையோ உட்கொள்ளும் நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

"மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் குளத்தைவிட்டு வெளியேறவும்"

சிங்கப்பூரில் ஆண்டின் ஏறத்தாழ பாதி நாள்களில் தீவின் ஏதாவது ஒரு பகுதியில் இடி முழங்குகிறது. பருவக்காற்று மாறும் மாதங்களில், குறிப்பாகப் பிற்பகலில், இது அதிகம். எச்சரிக்கை வந்தவுடன் உயிர்காப்பாளர் விசிலடித்து அனைவரையும் வெளியேறச் சொல்வார். சைரன் அல்லது சுழல் விளக்கு இருக்கும் இடங்களும் உண்டு.

பலர் வானத்தைப் பார்த்துவிட்டு, "வெயில் அடிக்கிறதே" என்று நீரிலேயே நிற்பார்கள். மின்னல் மழை பெய்யும் இடத்தில் மட்டும் விழுவதில்லை. மழையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியும் விழலாம். ஒலி 10 கிலோமீட்டர் கடந்துவர சுமார் 30 விநாடி ஆகும். ஆகவே மின்னலைக் கண்டு 30 விநாடிக்குள் இடியைக் கேட்டால் அது உங்களை எட்டக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் காத்திருப்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழக்கம். எனினும் மீண்டும் இறங்கும் நேரத்தைச் சொல்பவர் ஊழியரே. கடிகாரம் பார்த்து நீங்களாக இறங்க வேண்டாம்.

வெளியேறியபின் எங்கே நிற்பது என்பதும் முக்கியம். மரத்தடியும் குளத்தோரக் குடையும் மழைக்கு மறைவாகலாம், மின்னலுக்கு ஆகாது. சுவரும் கூரையும் உள்ள கட்டடத்திற்குள் செல்லுங்கள். இடி முழங்கும்போது குழாய் நீரில் குளிப்பதையும் சற்று ஒத்திப்போடுங்கள்.

நீங்கள் செவிக்கருவியைக் கழற்றிவிட்டு நீந்துபவராக இருந்தால், உயிர்காப்பாளரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லுங்கள். "எனக்குக் காது சரியாகக் கேட்காது. விசிலடித்தால் கையையும் காட்டுங்கள்" என்றால் போதும். உடன் வந்தவரிடமும் சொல்லிவையுங்கள். இல்லையென்றால், மற்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கரையேறுவதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு நீங்களும் ஏறிவிடுங்கள்.

நேரம் குறித்த வரிகள்

நேரப் பலகையில் மூன்றைப் பிரித்துப் படியுங்கள்: திறக்கும் நேரம், கடைசி நுழைவு நேரம், மூடும் நேரம். கடைசி நுழைவு எப்போதும் மூடும் நேரத்திற்கு முன்னதாகவே இருக்கும். மூடும் நேரத்தை மட்டும் பார்த்து வருபவர்கள் வாயிலிலிருந்து திரும்ப நேரிடும், அல்லது உள்ளே வந்து அவசர அவசரமாக நடப்பார்கள். ஈரத் தரையில் அவசரம் ஆகாது. நீரிலிருந்து வெளியேறிக் குளித்து உடை மாற்ற உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். மூடும் நேரத்திலிருந்து அதைக் கழித்து, அந்த நேரத்தில் கரையேறுங்கள். பராமரிப்புக்காக வாரத்தில் ஒரு நாள் குளம் மூடப்பட்டிருக்கலாம், அல்லது தாமதமாகத் திறக்கலாம். அந்தக் கிழமையும் பலகையில் இருக்கும்.

கூட்டுரிமைக் குடியிருப்பில் வசிப்பவர்களும் அங்கே பிள்ளைகளைப் பார்க்கச் செல்பவர்களும் இன்னொரு வரியைத் தேட வேண்டும்: "உயிர்காப்பாளர் பணியில் இல்லை." இத்தகைய பல குளங்களில் உயிர்காப்பாளர் கிடையாது. உங்களைக் கவனிக்க யாரும் இல்லை என்பதே அதன் பொருள். விடிகாலையில் யாரும் வரும் முன் தனியாக இறங்கும் பழக்கம் இருந்தால், இந்த வரி உங்களுக்காகவே எழுதப்பட்டது. கரையில் ஒருவராவது விழித்த கண்ணோடு இருக்கும்போது மட்டும் இறங்குங்கள்.

உடற்பயிற்சிக் கூடத்தில்

"பாதுகாப்புக் கயிற்றை உடையில் மாட்டவும்." டிரெட்மில் கருவியின் முன்பக்கத்தில் ஒரு சிவப்புக் கயிறும் அதன் நுனியில் ஒரு கவ்வியும் இருக்கும். கவ்வியை உங்கள் சட்டையில் மாட்டிக்கொண்டால், நீங்கள் பின்னால் சறுக்கும்போது கயிறு இழுபட்டுக் கருவி நின்றுவிடும். சிவப்பு நிறுத்துப் பொத்தானும் உண்டு. ஆனால் விழுந்துகொண்டிருக்கும் ஒருவரால் அந்தப் பொத்தானை எட்ட முடியாது. கயிறு அதற்காகத்தான். மாட்டியபின், நடக்கத் தொடங்கும் முன் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அதன் முனை கருவியிலிருந்து கழன்று வர வேண்டும். வரவில்லை என்றால் ஊழியரிடம் சொல்லிவிட்டு வேறு கருவிக்குச் செல்லுங்கள்.

"இதயத் துடிப்பு அட்டவணை." சில கூடங்களில் சுவரிலோ கருவியிலோ வயதுக்கேற்ற துடிப்பின் அட்டவணை இருக்கும். 220இலிருந்து வயதைக் கழிப்பது வழக்கமான கணக்கு. 68 வயதானவருக்கு உச்ச வரம்பு நிமிடத்திற்கு 152 என்று வரும். இந்தக் கணக்கு சராசரி மனிதருக்கானது. உங்கள் மருந்தை அது அறியாது. அட்டெனோலால், பிசோப்ரோலால் என்று "லால்" என முடியும் பெயருள்ள மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு, எவ்வளவு முயன்றாலும் துடிப்பு அந்த அளவுக்கு ஏறாது. அட்டவணையில் உள்ள எண்ணை எட்ட வேண்டும் என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் உடல் தாங்காது. உங்களுக்குப் பேச்சுதான் அளவுகோல். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு போதவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள்.

"எடை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது." மூச்சை அடக்கி எடையைத் தள்ளும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, ரத்த அழுத்தம் ஒரே நொடியில் மிகவும் உயர்ந்துவிடும். எடையை இறக்கியவுடன் அது சரிந்து தலை சுற்றும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். வாய்விட்டு "ஒன்று, இரண்டு" என்று எண்ணிக்கொண்டே தூக்கினால் மூச்சு தானாகவே அடங்காது. எண்ண முடியாத அளவுக்குக் கனமாக இருந்தால், அந்த எடை உங்களுக்கு அதிகம்.

"நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் உடனே நிறுத்தவும்." இந்த வரியில் "உடனே" என்பதே முக்கியச் சொல். இன்னும் ஐந்து நிமிடம் முடித்துவிட்டு நிறுத்துவது அல்ல. மாரடைப்பு எப்போதும் இடப்பக்க நெஞ்சுவலியாக வருவதில்லை. தாடை வலி, கை வலி, குளிர்ந்த வியர்வை, வாந்தி வருவதுபோன்ற உணர்வு எனவும் வரலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவும் வரலாம். இன்சுலின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்குக் கைநடுக்கமும் வியர்வையும் சர்க்கரை குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். எது என்று நீங்களே தீர்மானிக்க முயல வேண்டாம். நிறுத்துங்கள், உட்காருங்கள், ஊழியரை அழையுங்கள்.

பச்சைப் பலகை எங்கே?

பச்சை நிறத்தில் வெண்மையான இதயமும் அதனுள் மின்னல் கோடும் உள்ள குறியீட்டைக் கண்டால், அங்கே ஏஇடி எனப்படும் இதயத் துடிப்பை மீட்கும் கருவி இருக்கிறது. அதை இயக்க மருத்துவப் பயிற்சி கட்டாயமில்லை. திறந்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்று கருவியே குரலில் சொல்லும். யாராவது சுயநினைவின்றி விழுந்து, மூச்சும் இயல்பாக இல்லையென்றால், ஒருவர் 995ஐ அழைக்க, இன்னொருவர் அந்தக் கருவியை எடுத்துவர வேண்டும். விழுந்தவர் ஈரமாக இருந்தால் முதலில் நீரிலிருந்து விலக்கி, மார்பைத் துடைத்தபின்பே அட்டைகளை ஒட்ட வேண்டும். அவசர மருத்துவ வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் தேட வேண்டியிராதபடி, முதல் நாளே அந்தப் பச்சைக் குறியீடு எங்கே உள்ளது என்று பார்த்துவையுங்கள்.

நீரில் இறங்கும் முன் சரிபார்க்க

• எனக்கு மார்பளவு வரும் ஆழம் எது? அந்த எண்ணுக்கு நேரே என்ன இருக்கிறது?
• உயிர்காப்பாளர் இருக்கிறாரா? எனக்குக் காது கேட்காது என்று அவருக்குத் தெரியுமா?
• எத்தனை மணிக்கு நான் கரையேற வேண்டும்?
• பச்சை இதயக் குறியீடு எங்கே உள்ளது?

இந்த நான்கிற்கும் பதில் தெரிந்தபின் கண்ணாடியைக் கழற்றலாம். ஏதேனும் ஒன்றுக்குப் பதில் தெரியவில்லை என்றால் பலகையிடம் திரும்பிச் செல்லுங்கள், அல்லது ஊழியரைக் கேளுங்கள். தமிழ் வரி விளங்கவில்லை, எழுத்து அழிந்திருக்கிறது, பொருள் மாறி இருக்கிறது என்றால் அதையும் முகப்பில் சொல்லுங்கள். உங்களுக்குப் பின் வருபவரும் அதே வரியைத்தான் படிப்பார்.